தங்கச்சியும் மேடமும்

உயர்நிலை மூன்றில் பயிலும் அந்த மாணவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குச் சென்றுவந்ததைப் பயணக் கட்டுரையாக எழுதினாள். பொங்கோலில் ரயில் ஏறியது, வீரமாகாளியம்மன் கோயிலின் கோபுரம், 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், தேக்கா சந்தையில் சாப்பிட்ட பிரியாணி என எல்லாம் வரிசையாக இடம்பெற்றிருந்தன. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

ஆசிரியர் படித்துவிட்டு, “உன் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டால் இந்தக் கட்டுரையில் என்ன மாறும்?” என்று கேட்டார். அவளிடம் பதில் இல்லை. “சரி, வீட்டுக்கு வந்த பிறகும் உன் மனத்தை விட்டுப் போகாதது எது?”

ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் அவள் தயங்கினாள்.

பஃபலோ சாலையில், பூக்கடை அருகே அவள் நின்றுகொண்டிருந்தபோது ஓர் ஊழியர் வந்தார். விடுமுறை நாளில் நண்பர்களைப் பார்க்க வந்தவர் போலும். “தங்கச்சி, பெருமாள் கோயிலுக்கு எந்தப் பக்கம் போகணும்?” என்று கேட்டார். அவளுக்கு வழி தெரியும். சிராங்கூன் சாலையில் நேராக நடந்தால் போதும். ஆனால், அதை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். வேண்டுமென்று அல்ல, வெளியே யார் கேட்டாலும் நாக்கு அப்படித்தான் திரும்பும். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, “தேங்க் யூ மேடம்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தங்கச்சியாக இருந்தவள் ஒரே பதிலில் மேடம் ஆகிவிட்டாள். வீட்டில் பாட்டியுடன் நாள் முழுவதும் தமிழில் பேசுகிறவள் அவள்.

இரண்டாம் முறை எழுதியபோது கோபுரமும் பிரியாணியும் போய்விட்டன. மல்லிகை மணம் மட்டும் தங்கியது. அவர் கேட்ட நேரத்தில் அந்த மணம் அங்கே இருந்தது அல்லவா? அவருடைய கேள்வியிலிருந்தே கட்டுரை தொடங்கியது. பாட்டியும் உள்ளே வந்தார். முடிவில் மட்டும், ‘அன்று முதல் நான் எங்கும் தமிழிலேயே பேசுகிறேன்’ என்று எழுதினாள். இத்தகைய கட்டுரைகளில் பொய் நுழையும் இடம் பெரும்பாலும் கடைசி வரிதான். ஆசிரியர் அந்த வரியின் கீழ்க் கோடிட்டு, “உண்மையா?” என்று எழுதியிருந்தார்.

உண்மை இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையே, புளோக்கின் மின்தூக்கியில், “பள்ளி முடிஞ்சுதாம்மா?” என்று தெரிந்த ஆன்ட்டி ஒருவர் கேட்டபோது, “யெஸ், ஆன்ட்டி” என்றுதான் அவள் பதில் சொன்னாள். சொன்ன பிறகு தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. இதற்கு முன் அப்படி விழுந்ததில்லை. ஆன்ட்டி தம் மாடியில் இறங்கிவிட்டார். கதவு மூடுவதற்குள், “முடிஞ்சுது ஆன்ட்டி” என்று அவசரமாகச் சொன்னாள்.

கடைசி வரியை அடித்துவிட்டு, அதையே எழுதினாள்.