சொல்லை மாற்றினால் சொந்தமாகுமா?

சிரம்பானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். பல்கலைக்கழகத்தில் தோட்டப்புற வாழ்க்கை பற்றி இடுபணி எழுதச் சொன்னபோது, நம்ம கதைதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். கடைசி இரவில் நூலகப் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினேன்.

புத்தகத்தில் ஏறக்குறைய இப்படி இருந்தது: “விடியற்காலையில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறியதும் அழுத்தம் குறையும். அதனால்தான் தொழிலாளர்கள் இருட்டிலேயே பெரட்டுக்கு வந்து நின்றார்கள்.”

நான் எழுதியது: “அதிகாலையில் மரத்தினுள் விசை மிகுதி என்பதால் பால் சிறப்பாக வழியும். சூரியன் உயர்ந்ததும் விசை தணியும். ஆகவேதான் பாட்டாளிகள் இருளிலேயே கூட்டத்துக்கு வந்து நின்றனர்.”

விரிவுரையாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “தம்பி, முதலில் காரணம், அடுத்து வெயில், கடைசியில் இருட்டு. அவருக்கும் மூன்று வாக்கியம், உங்களுக்கும் மூன்று, அதே வரிசை. இதில் நீங்களாக யோசித்தது எது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. புத்தகத்தின் பெயரையும் நான் எங்கும் குறிப்பிடவில்லை. படிப்பவர் அது என் கண்டுபிடிப்பு என்றுதான் நம்பியிருப்பார். திருட்டு அங்கேதான் இருந்தது.

இன்னொன்றையும் காட்டினார். பெரட்டு என்பது விடியுமுன் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். நான் ‘கூட்டம்’ என்று மாற்றியதில் அது ஏதோ சங்கக் கூட்டம் போல் ஆகிவிட்டது. பெரட்டு வாசலிலேயே வளர்ந்த எனக்கு அது வெட்கமாக இருந்தது.

திருப்பி எழுத ஒரு வாரம் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முப்பது வருடம் மரம் வெட்டிய பாட்டியிடம் கேட்டேன். “பத்து மணிக்கு வெட்டுற மரத்துல மங்கு நிறையாதுய்யா. மழை பேஞ்சா பட்டை நனைஞ்சிடும், அன்னிக்கு வெட்டே கெடையாது. சம்பளமும் போச்சு” என்றார்.

பிறகு எழுதியது இது: “இருட்டில் பெரட்டுக்குப் போனதற்குக் கிராணியின் கண்டிப்பு மட்டும் காரணமல்ல, வெயில் ஏறினால் மரத்தில் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளரும் என்று இந்நூலாசிரியர் விளக்குகிறார். அதன் சுமை விழுந்தது வெட்டுக்காரர் மேல்தான். தாமதமானால் மங்கு நிறையாது, மழை பெய்தால் கூலியே இல்லை என்று என் பாட்டி சொன்னார்.” நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பக்க எண் மூன்றையும் கீழே குறித்தேன்.

வாக்கியம் முழுக்க என்னுடையதாக இருந்தாலும், அழுத்தம் பற்றிய செய்தி அவருடையது. அதனால் அந்தக் குறிப்பு அவசியம். அவர் சொற்களே தேவைப்பட்டால் மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டிருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் அகராதியைப் புரட்டிய என் முதல் பிரதிதான் எதிலும் சேரவில்லை.

இந்த முறை விரிவுரையாளர் கோடு போட்டது ஒரே இடத்தில். பாட்டி சொன்ன வரிக்குக் கீழே, “இது புதிது” என்று எழுதியிருந்தார்.