அம்மா படித்த புத்தகம்

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவர் பள்ளி வாசலை மிதித்ததில்லை. திருமணத்திற்குப் பின் அப்பாவுடன் தில்லிக்கு வந்து, ஜங்புராவில் வீட்டுவேலை செய்து எங்களை வளர்த்தார். ஆயினும் எங்கள் வீட்டில் இரவுதோறும் புத்தகம் படிக்கப்பட்டது. முதலில் படித்தவர் அம்மாதான்.

அவர் வேலை செய்த வீட்டில் வேண்டாமென்று கொடுத்த படக்கதைப் புத்தகம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதன் அட்டை கிழிந்திருந்தது. எழுத்துகள் இந்தியில் இருந்தன. அம்மாவுக்கு அது ஒரு தடையாகவே தோன்றவில்லை. நான்கு வயதுத் தம்பியை மடியில் அமர்த்திக்கொண்டு, முதல் படத்தைக் காட்டுவார்.

"யானை எதுக்குடா கிணத்த எட்டிப் பாக்குது?"

"தண்ணி" என்பான் தம்பி.

"தண்ணி குடிக்கப் பாக்குதா? தண்ணி அடியில கெடக்கே, தும்பிக்கை எட்டுமா?"

அவன் ஒரு சொல் சொன்னால், அம்மா அதை ஒரு வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுப்பார். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்பார். விடை வரும்வரை பக்கத்தைத் திருப்பமாட்டார். சில மாதங்களில் தம்பி, "தும்பிக்கை எட்டல, அதான் யானை அழுவுது" என்று தானே கதையை நகர்த்தத் தொடங்கினான். புத்தகத்தை எப்படிப் பிடிப்பது, எங்கே தொடங்குவது, ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் என்ன தொடர்பு என்பவற்றையெல்லாம் ஓர் எழுத்தும் அறியாமலேயே அவன் கற்றுக்கொண்டான்.

ஆனால், படத்தின் கீழிருந்த கறுப்புக் கோடுகளைக் காட்டி, "இது என்ன?" என்று அவன் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்த மாமா இரண்டு தமிழ்க் கதைப்புத்தகங்களைக் கொண்டுவந்தார். (அந்நாளில் அவை எங்களுக்கு எளிதில் கிடைப்பவை அல்ல. இன்றோ, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.)

"மாறன் குளத்திற்குப் போகிறான்" என்று நான் படித்தேன். தம்பி கேட்டான்: "மாறன் சரி, போகிறான் யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. வீட்டில் நாங்கள் 'போறான்' என்போம். தெருவில் கேட்பது இந்தி. 'போகிறான்' என்ற சொல் அவன் காதில் விழுந்ததே இல்லை. "கூத்துல ராஜா பேசுவாரே, அந்த மாதிரிடா. போறான்னுதான் அர்த்தம்" என்றார் அம்மா. அன்றுமுதல் நான் ஒவ்வொரு பக்கத்தையும் அச்சில் உள்ளவாறே படிப்பேன். அம்மா அதை வீட்டுப் பேச்சில் மறுபடியும் சொல்வார்.

ஒருநாள் தம்பி அந்தப் புத்தகத்தை விரல் வைத்து முழுவதும் 'படித்து' முடித்தான். நான் துள்ளிக் குதித்தேன். அம்மாவோ, "வெரலு ஓரத்துக்குப் போயிடுச்சு, வாயி இன்னும் பேசிக்கிட்டிருக்கே" என்றார். பிறகு படத்தைத் தம் உள்ளங்கையால் மறைத்தார். தம்பி நின்றுவிட்டான். நடுவில் ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டேன், அதுவும் தெரியவில்லை. கதை முழுவதும் அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. எழுத்தறியாத அம்மா கண்டுபிடித்ததை, எழுத்தறிந்த நான் கவனிக்கவில்லை!

அதன்பின் கதையில் அவனுக்குப் பிடித்த சொற்களிலிருந்தே எழுத்துகளைக் காட்டினேன். 'மாறன்' விரைவில் வந்தது. 'கொக்கு' வரவில்லை, "கெ... கா" என்று திணறினான். அவன்மீது பிழையில்லை. 'கொ' என்பதில் ஒலியோ ஒன்று. குறிகளோ முன்னும் பின்னுமாக இரண்டு. முன்னால் நிற்கும் கொம்பைக் கண்டதும் அவன் வாயைத் திறந்துவிடுவான். நான் எரிச்சலுடன் விளக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ரெண்டு பக்கமும் ஆளு நிக்குதான்னு மொதல்ல பாரு, அப்புறம் வாயத் தொற" என்றார். கோலத்தில் புள்ளி பார்த்துப் பழகிய கண் அது. 'கொக்கு' வந்தது, 'தொப்பி', 'மொட்டு' ஆகியவையும் பின்னாலேயே வந்தன.

இரண்டாம் வகுப்பில் தம்பி, மாமா தந்த மற்றொரு புத்தகத்தைத் தானே எடுத்து, ஒரு பக்கத்தைத் தடையின்றி மூச்சுவிடாமல் படித்தான். ஓர் எழுத்தும் தவறவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மா, திரும்பாமலேயே கேட்டார்:

"எலி எதுக்குடா வெளிய வரல?"

தம்பி விழித்தான். பிறகு பக்கத்தின் மேல்வரிக்கு விரலைக் கொண்டுபோய், இம்முறை மெதுவாகப் படிக்கத் தொடங்கினான்.