பிங் வரும், லாகின் வராது

இரவு 11.30-க்கு ஒரு சர்வர் நிர்வாகிக்கு அழைப்பு வந்தது: "சர்வர் அப்படியே நின்னுடுச்சு, சார்." பிங் செய்தார், பதில் வந்தது. எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டு கொடுத்ததும் திரை அசையவில்லை. அந்த சர்வர் ஓடிய விஎம்வேர் ஹோஸ்டில் இருந்த 15 மெய்நிகர் கணினிகளுக்கும் அதே கதி. ஹோஸ்டின் சிபியு பயன்பாடோ 12 சதவீதம்தான்.

இந்த முரண்தான் முதல் தடயம். பிங்குக்குப் பதில் சொல்ல நினைவகம் போதும். லாகினுக்கு டிஸ்க்கிலிருந்து கோப்புகள் வர வேண்டும். வராதவரை அந்த வேலை காத்துக்கிடக்கும். லினக்ஸ் கன்சோலில் `blocked for more than 120 seconds` என்ற வரி வந்தபோது அவருக்குச் சந்தேகம் போயிற்று.

ரீசெட் பொத்தானை அவர் தொடவில்லை. பதினைந்தும் ஒரே நேரத்தில் பூட் ஆனால், மூச்சுத் திணறும் அதே டிஸ்க்குகள்மேல்தான் அந்தச் சுமையும் இறங்கும்.

ஹோஸ்டில் `esxtop` ஓடவிட்டு `u` அழுத்தினார். KAVG என்பது ஒரு கோரிக்கை ஹோஸ்டின் கர்னலுக்குள்ளேயே காத்திருக்கும் நேரம். அது 1 மில்லிசெகண்டைத் தாண்டவில்லை. கோரிக்கை கர்னலை விட்டு வெளியேறிய பின் கன்ட்ரோலரும் டிஸ்க்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் DAVG. 25-ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய அது 340-ல் நின்றது.

ஏன் 340? அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். ரெய்டு 6-ல் 10,000 சுழற்சி டிஸ்க்குகள் எட்டு. ஒவ்வொன்றும் நொடிக்குச் சுமார் 140 வேலை செய்தால் மொத்தம் 1,120. ரெய்டு 6-ல் சிதறலான ஒரு சிறு எழுத்துக்கு ஆறு டிஸ்க் வேலைகள் தேவை. ஆக நொடிக்கு 186 எழுத்துகள்தான். வரிசையில் நிற்பவை 64. 64-ஐ 186-ஆல் வகுத்தால் 0.34 நொடி. திரையில் தெரிந்ததும் அதுவே.

பேக்கப் முடிந்து ஸ்னாப்ஷாட்களை ஒன்றுசேர்க்கும் வேலை அந்த நேரத்தில்தான் நடக்கும். ஆனால் அது ஒரு வருடமாக இதே நேரத்தில் தொந்தரவில்லாமல் ஓடியதுதானே? கணக்கு பொருந்தியதும் கிளம்பிவிடாமல் இந்தக் கேள்வியில் அவர் நின்றதுதான் அன்றைய நல்ல முடிவு.

விடை கன்ட்ரோலரின் பதிவில் இருந்தது. கேஷ் நினைவகத்தைக் காக்கும் பேட்டரி அன்று மாலை செயலிழந்திருந்தது. மின்சாரம் போனால் கேஷில் உள்ளது அழிந்துவிடும் என்பதால், கன்ட்ரோலர் தானாகவே ரைட்-பேக்கிலிருந்து ரைட்-த்ரூவுக்கு மாறியிருந்தது. அதுவரை எழுத்துகளை வாங்கி வைத்து, அடுக்கி, சாவகாசமாக டிஸ்க்குக்கு அனுப்பிய கேஷ் இப்போது வழியில் இல்லை. பேட்டரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயப்படுத்த ஒரு தேர்வு உண்டு. ஒரு மின்தடையில் 15 கணினிகளின் தரவும் சிதையலாம் என்பதால் அதை அவர் ஏற்கவில்லை.

ஓடிக்கொண்டிருந்த ஸ்னாப்ஷாட் இணைப்புகளைப் பாதியில் வெட்டாமல் முடிய விட்டார். அடுத்து வரவிருந்தவற்றை நிறுத்தினார். இருபது நிமிடத்தில் லாகின் திரைகள் உயிர்பெற்றன. மூன்றாம் நாள் புது பேட்டரி வந்து சார்ஜ் ஏறியதும் கேஷ் ரைட்-பேக்குக்குத் திரும்பியது. அன்றிரவு 11.30-க்கு, ஸ்னாப்ஷாட் இணைப்புகள் ஓடும்போதே, DAVG 6 என்று காட்டியது. சிபியு, நினைவகம், காலியிடம் மட்டுமே இருந்த அவருடைய எச்சரிக்கைப் பட்டியலில் கன்ட்ரோலர் பேட்டரியும் அன்று சேர்ந்தது.