நோயின் பெயர் சொல்லாமல்

மார்கழிப் பனிக்கான சுக்குமல்லிக் காப்பித்தூளை ஐப்பசிக்குள் கடைகளில் சேர்த்துவிட வேண்டியிருப்பதால், அதற்கான விளம்பர வாசகம் வெயில் தணியாத புரட்டாசியிலேயே எழுதப்படுகிறது. விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அவ்வாறு எழுதுபவரைக் காணச் சென்றேன். அவருடைய மேஜைமீது முந்தைய ஆண்டின் துண்டுப் பிரசுரம், சிவப்பு மைக்கோடுகளுடன் கிடந்தது.

“நெஞ்சுச் சளியைக் கரைக்கும், வறட்டு இருமலைப் போக்கும்” என்ற வரி முழுவதும் அடிபட்டிருந்தது. இத்தூள் உணவுப் பொருளுக்கான உரிமத்தோடு விற்கப்படுவது. உணவு எதுவும் நோயைத் தடுக்கும், தணிக்கும், குணமாக்கும் என்று கூற 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் இடந்தரவில்லை. பொய்யான விளம்பரத்துக்கு, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. “போக்க உதவும்” என்று மென்மையாக்கினால் போதாதா என்றேன். “வினையைத் தேய்த்தாலும் நோயின் பெயர் அங்கேயேதானே நிற்கிறது, ஐயா!” என்றார். தம் மகனுக்குச் சளி நின்றதாக வாடிக்கையாளர் எழுதிய கடிதத்தையும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமும் முதியவரின் சித்திரத்தையும் அவர் அதே காரணத்தால் விலக்கியிருந்தார். சொல்லால் கூறாததைச் சித்திரத்தால் கூறுவதும் கூறுவதே என்பது அவர் அபிப்பிராயம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பின் எதைத்தான் எழுதுவது? அவர் என்னை அரைவைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். அங்கே பெண்கள் சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்பருகில் நின்ற அம்மாள், மல்லியின் வாசனை எழுந்ததும், நிறம் கருகுமுன்னர், சட்டியை இறக்கிவிட்டு, “ஒரு நிமிஷம் தப்பினாலும் கசந்துபோகுமுங்க” என்றார். அந்த நிமிஷந்தான் புதிய வாசகத்தில் ஏறியது:

“தோல் சீவிய சுக்கு. கருகாமல் வறுத்த மல்லி. மிளகும் ஏலமும் அளவாக. கருப்பட்டியோடு கொதிக்கவைத்து, வடிகட்டி, சூடு ஆறுமுன் அருந்துங்கள். மார்கழி விடியலுக்கு ஏற்ற காரம்.”

முதலில் “தொண்டைக்கு இதம்” என்றும் ஒரு வரி இருந்ததாம். தொண்டை என்றதுமே வாசிப்பவர் மனம் நோவுக்குப் போய்விடுகிறது என்று அதையும் எடுத்துவிட்டார். சற்று மிகையான எச்சரிக்கை என்றே நினைத்தேன். ஆனால் அவர் அஞ்சியது அபராதத்துக்கு மட்டுமன்று. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளியைப் பரிசோதித்துக் காசநோய் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும், “இருமலா? இதைக் குடியுங்கள்” என்ற அட்டையை நம்பி ஒருவர் காலங்கடத்தினால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

இத்தனை ஜாக்கிரதையும் அச்சுக்கூடத்தோடு நின்றுவிடக் கூடியது. கடைக்காரர் தம் கைப்பட எழுதித் தொங்கவிடும் பலகை இவர் வசத்தில் இல்லை. ஆகையால் ஒவ்வொரு பெட்டியிலும் விற்பவருக்கென்று ஒரு சீட்டு வைக்கிறார்: சொந்தமாக எதையும் எழுதி மாட்ட வேண்டாம், இருமலுக்கென்று கேட்டு வருபவரை மருத்துவரிடம் அனுப்புங்கள்.