நிமிஷத்துக்கு ஆயிரம் சொல்

பதிவு கொஞ்சம் நீளம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

எதிர்வீட்டுப் பையன் இரண்டு வருடமாகக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். அப்பா இல்லை. அம்மா தையல் வேலை. போன மாதம் வந்து, "டீச்சர், ஸ்பீடு ரீடிங் கிளாஸ் போனேன். இப்ப நிமிஷத்துக்கு 500 சொல் படிக்கிறேன். அடுத்த லெவல் போனா ஆயிரமாம்" என்றான். முதல் லெவலுக்கு 4,500 ரூபாய் கட்டியிருக்கிறான். அடுத்ததற்கு 9,000. அதற்காக அம்மா தோட்டை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து பாத்துடுவோம் தம்பி" என்றேன். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். வேகத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம் என்பது எனக்குத் தெரியும்.

அவன் வைத்திருந்த சமூக அறிவியல் புத்தகத்திலிருந்து மூன்று பகுதிகள் எடுத்தேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 480 சொல். ஒவ்வொன்றுக்கும் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி பத்துக் கேள்விகள் எழுதினேன்.

முதல் பகுதி ஏரிப் பாசனம் பற்றியது. கிளாஸில் சொன்னபடி விரலைக் கீழே ஓட்டிக்கொண்டே சரியாக ஒரு நிமிஷத்தில் முடித்தான். பத்துக்கு ஐந்து. "பாதி வந்துடுச்சே டீச்சர்" என்றான்.

அதே பத்துக் கேள்விகளை, பாடத்தைக் காட்டாமல், அவன் அம்மாவிடம் கேட்டேன். ஏரிக்கரை ஊரில் பிறந்தவர். நாலு சரியாகச் சொன்னார்! படிக்காதவருக்கு நாலு, படித்தவனுக்கு ஐந்து. அந்த ஒரு நிமிஷத்தில் அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மதிப்பெண் என்றுதான் சொல்ல வேண்டும். பையன் முகம் வாடிவிட்டது.

இரண்டாம் பகுதியை வழக்கம்போலப் படிக்கச் சொன்னேன். 3 நிமிஷம் 20 விநாடி. அதாவது நிமிஷத்துக்கு 144 சொல். பத்துக்கு ஒன்பது.

இந்த வித்தை புதிதல்ல. அமெரிக்காவில் ஈவ்லின் வுட் என்பவர் 1959இல் இதை ஒரு பயிற்சியாக நடத்தத் தொடங்கினார். அவரும் பள்ளி ஆசிரியைதான். பக்கத்தில் கையை ஓட்டிப் படிப்பதுதான் அவர் முறை. பிறகு ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, நான் அந்த அம்மாவிடம் செய்ததையே அவர்களும் செய்தார்கள். பாடத்தைப் படிக்காதவர்களிடமும் அதே கேள்விகளைக் கொடுத்தார்கள். படிக்காதவர்களும் கணிசமான கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டார்கள். "இத்தனை சதவீதம் புரிந்தது" என்கிற விளம்பரத்தில் எவ்வளவு காற்று என்று அங்கேதான் தெரிந்தது.

ஏன் முடியாது? கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த அகலம்தான் நம் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரிகிற இடம். அதற்கு வெளியே போகப் போக எழுத்து மங்கும். அதனால் கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவி நிற்கும், மறுபடி தாவி நிற்கும். ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் விநாடி. தாவுகிற நேரம் மிகக் குறைவு. நிற்கிற நேரத்தில்தான் மூளை சொல்லை அடையாளம் கண்டு முன்சொல்லோடு சேர்க்கிறது. கண்ணை வேகமாக ஓட்டிப் பழகினால் மிச்சமாவது அந்தச் சின்னத் தாவல் நேரம்தான். மீதியை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் சொற்களை விட்டுவிட வேண்டும். அவன் செய்தது அதைத்தான்.

கிளாஸில் இன்னும் இரண்டு சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, படித்த இடத்துக்குத் திரும்பிப் போகாதே. இரண்டு, மனசுக்குள் ஒலிக்கிற குரலை நிறுத்து. 2014இல் ஒரு சோதனையில், படித்து முடித்த சொற்களை உடனே மறைத்துத் திரும்பிப் பார்க்க முடியாதபடி செய்தார்கள். புரிதல் குறைந்தது. கண் திரும்புவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல, ஏதோ பொருந்தவில்லை என்று மூளை சொல்வதால். உள்குரலும் அப்படித்தான். வாக்கியம் முடியும்வரை அதன் தொடக்கத்தை நினைவில் பிடித்து வைக்க அது உதவுகிறது.

தமிழில் இன்னொரு சங்கதி உண்டு. நம் மொழியில் 'உண்டா இல்லையா' என்பது பெரும்பாலும் சொல்லின் வாலில் இருக்கிறது. 'செலுத்தியவர்', 'செலுத்தாதவர்'. தலை ஒன்று, வால் வேறு. வினைச்சொல்லோ வாக்கியத்தின் கடைசியில் வரும். தலையை மட்டும் பார்த்துத் தாவுகிறவன் எங்கே விழுவான்? அவன் எழுதிய மாதிரித் தேர்வுத் தாளை வாங்கிப் பார்த்தேன். 'பொருந்தாத இணையைத் தேர்ந்தெடு' என்ற கேள்விக்குப் பொருந்துகிற இணையைக் குறித்திருந்தான். 'தவறான கூற்று எது' என்பதற்குச் சரியான கூற்று. அப்படி ஏழு கேள்விகள். ஏழும் அவனுக்கு விடை தெரிந்தவை! நாலைந்து கேள்வியில் வேலை போகிற தேர்வு இது.

அப்படியானால் வேகமாகப் படிக்கவே முடியாதா? முடியும், ஆனால் கண்ணால் அல்ல. தெரிந்த சொல்லைக் கண் சட்டென்று கடக்கும், தெரியாத சொல்லில் தடுக்கும். ஆகவே வேகம் என்பது பெரும்பாலும் சொல்லறிவும் பொருளறிவும்தான்.

மூன்றாம் பகுதியை இப்படிப் படிக்கவைத்தேன். முதல் நாள் அதிலிருந்த புதுச் சொற்கள் ஒன்பதை மட்டும் எடுத்துப் பேசினோம். மறுநாள் கடிகாரத்தை ஓடவிட்டு, முதலில் தலைப்புகள், ஒவ்வொரு பத்தியின் முதல் வரி, கடைசிப் பத்தி இவற்றைப் பார்க்கச் சொன்னேன். அரை நிமிஷம். "எது உனக்கு ஏற்கெனவே தெரியும்?" என்று கேட்டேன். இரண்டு பத்திகளைக் காட்டினான். அவற்றை மேலோட்டமாகவும் மற்றவற்றை நிதானமாகவும் படித்தான். குழம்பினால் திரும்பிப் போகலாம் என்று அனுமதி. மொத்தம் 2 நிமிஷம் 40 விநாடி. நிமிஷத்துக்கு 180 சொல். பத்துக்கு ஒன்பது.

144இலிருந்து 180. ஆயிரம் இல்லைதான். ஆனால் நாலு மணி நேரத்தில் படிப்பதை மூன்று மணி சொச்சத்தில் படிக்கலாம். சொற்களைப் பழக எடுத்த நேரம் தனி. அது அதே பாடத்தின் அடுத்த அத்தியாயங்களிலும் கைகொடுக்கும்.

மேலோட்டமாகப் பார்ப்பது தப்பில்லை. செய்தித்தாளில் வேண்டிய செய்தியைத் தேடுகிறபோது எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். இது மேலோட்டம் என்று தெரிந்து செய்ய வேண்டும். படித்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து. கண்டுபிடிக்க ஒரு வழி: பக்கத்தை மூடிவிட்டு மூன்று வாக்கியம் உங்கள் சொந்தச் சொல்லில் சொல்லிப் பாருங்கள். வராவிட்டால் வேகம் அதிகம்.

கேள்வித்தாளில் மட்டும் விரலை வைத்துக்கொள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஓட்டுவதற்கு அல்ல, நிறுத்துவதற்கு. கேள்வியின் கடைசிச் சொல்லிலும், 'தவறான', 'பொருந்தாத' என்ற சொற்களிலும் விரல் நிற்க வேண்டும். நேற்று எழுதிய மாதிரித் தேர்வில் அந்தத் தப்பு ஒன்றுதான்.

அவன் அம்மா அடகுக் கடைக்குப் போகவில்லை. தோடு காதிலேயே இருக்கிறது.