தாளில் எழுதிய வடை

அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்ட வாரத்தில்தான் எங்கள் வீட்டு உளுந்து வடையை எழுதிவைக்க வேண்டி வந்தது. போர்டிக்சன் பக்கம், லுக்குட்டில் ஞாயிறுதோறும் அம்மா போடும் வடைக்கடைதான் வீட்டு வாடகைக்கு வழி. கடை அண்ணி கைக்கு மாறியது.

"கொஞ்சம் கொஞ்சமா தண்ணி தெளி, பதம் வந்ததும் எடு." அம்மா சொன்னது அவ்வளவே. வானொலியில் நொடிக்கணக்குப் பார்த்து எழுதிப் பேசும் எனக்கு அது போதவில்லை. அம்மா சொல்லச் சொல்ல அண்ணி எடுத்துப்போட்டதை எல்லாம் தராசில் நிறுத்துக் குறித்தேன். தோல் நீக்கிய முழு உளுந்து அரை கிலோ, ஊறுவது 2 மணி நேரம், அரைக்கத் தண்ணீர் 120 மில்லி, கடைசியில் உப்பு 10 கிராம்.

முதல் ஞாயிறு வடை அருமை. அடுத்த ஞாயிறு மாவு கையில் நிற்காமல் வழிந்தது. எண்ணெய் குடித்த வடை பாதி மிஞ்சிப்போனது. "நீ எழுதினபடிதானே செஞ்சேன்!" என்று அண்ணி தாளை நீட்டினார். உண்மைதான். ஆனால் அன்று கோயிலுக்குப் போய்வந்ததில் உளுந்து 4 மணி நேரம் ஊறிவிட்டது. ஊறியதை நன்றாக வடிக்கவும் இல்லை. அம்மா வழக்கமாக வடிகட்டியில் கொட்டி வைப்பதைப் பலமுறை பார்த்தும், அதை ஒரு வேலையாகவே நினைக்காமல் தாளில் விட்டவள் நான்தான்.

தோட்டத்தில் பல வருடம் பால் வெட்டிய பாட்டிதான் விடையைச் சொன்னார். "ஸ்டோர்ல தண்ணிய அளந்தா ஊத்துனாங்க? பாலைல்ல அளந்தாங்க!"

ரப்பர் பால் தினமும் ஒரே கெட்டியாக வராது. அதனால் ஷீட் போடுமுன் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விடுவார்கள். அது காட்டும் அளவைப் பார்த்துத் தண்ணீர் சேர்த்து, நூறு பங்கில் சுமார் 15 பங்கு ரப்பர் இருக்கும்படி நீர்க்க வைத்த பிறகே அமிலம் ஊற்றுவார்கள். எவ்வளவு தண்ணீர் என்பது நாளுக்கு நாள் மாறும். வந்து நிற்க வேண்டிய அளவு மாறாது.

தாளைத் திருத்தினேன். 'ஊறிய உளுந்தை வடிகட்டியில் 10 நிமிடம் வை. 120 மில்லியை அளந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு தெளி, மீந்தால் மீறட்டும். மாவில் ஓர் உருண்டையைக் கிண்ணத் தண்ணீரில் போடு. உருண்டையாகவே மிதந்தால் சரி. மூழ்கினால் இன்னும் அரை. கரைந்து பரவினால் தண்ணீர் அதிகம். அரிசி மாவு ஒரு கரண்டி சேர். உப்பைச் சுடும் நேரத்தில் போடு, முன்பே போட்டால் மாவு இளகிவிடும்.'

அடுப்படிப் பக்கமே வராத தம்பியிடம் தாளைக் கொடுத்து, வாய் திறக்காமல் ஓரமாக நின்றேன். முதல் உருண்டை மூழ்கியது. என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். தாளை மறுபடி படித்துவிட்டு இன்னும் இரண்டு நிமிடம் அரைத்தான். மிதந்தது.

நடுவில் ஓட்டை போட்டு, உடையாமல் எண்ணெயில் நழுவவிடுவதை மட்டும் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். அதை அம்மாவின் இடது கையைப் பார்த்துத்தான் அண்ணி கற்றுக்கொண்டார்.