கடிதத்தில் ஒரு முழங்கால்

விளையாட்டுக் காயங்களுக்கான பிசியோதெரபி மையம் ஒன்றைப் பல காலம் நடத்தியவன் நான். வேலை கேட்டு வரும் கடிதங்களைப் படிப்பதும் என் பொறுப்பாக இருந்தது. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. பி.பி.டி. முடித்த ஆண்டு, எம்.பி.டி. பிரிவு, பிறகு அல்ட்ராசவுண்ட், ஐ.எஃப்.டி., டேப்பிங், கப்பிங், டிரை நீட்லிங் என்று தெரிந்த சிகிச்சைகளின் பட்டியல். முடிவில், தன்னிடம் வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமடைந்தார்கள் என்று ஒரு வரி. எதை அளந்து குணம் என்றார், பாதியில் வராமல் போனவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தார் என்பதற்கு அந்தக் கடிதங்களில் பதில் இருக்காது.

ஓர் இளைஞர் எழுதிய கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. தன்னைப் பற்றி நான்கே வரி. மீதி முழுவதும் ஒரு கபடி ரைடரின் இடது முழங்கால். முட்டி ஜவ்வு, அதாவது ஏ.சி.எல்., கிழிந்து, பின்தொடையிலிருந்து எடுத்த தசைநாரை வைத்து அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர். அவர் பெயரோ, ஊரோ, அணியோ கடிதத்தில் இல்லை. அதுவே எனக்கு முதலில் பிடித்துப்போனது. நோயாளியின் அந்தரங்கத்தைத் தன் வேலைக்கான விளம்பரமாக்காதவரை நம்பி ஆளை அனுப்பலாம்.

சிகிச்சை முறையை அவர் மாத வாரியாக அடுக்கவில்லை. அடுத்த படிக்குப் போகலாம் என்று எதைப் பார்த்து முடிவு செய்தார் என்பதை எழுதியிருந்தார். முதல் இரண்டு வாரங்களில் அவருக்கு இரண்டே குறிக்கோள்: முட்டி முழுதாக நீள வேண்டும், முன்தொடைத் தசை மீண்டும் இறுக வேண்டும். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து முட்டியைத் தொங்கவிட்டு நீட்டச் செய்திருக்கிறார். காலை நீட்டியபடி தூக்கும்போது முட்டி மடங்காமல் நின்ற பிறகே ஊன்றுகோலைக் குறைத்திருக்கிறார். வாரங்கள் கடந்தும் முட்டி நீள மறுத்திருந்தால் அறுவை செய்த மருத்துவரிடமே திருப்பி அனுப்பியிருப்பேன் என்றும் ஒரு வரி. முட்டிக்குள் தழும்புத் திசு திரண்டு வழியை அடைத்திருக்கலாம். அதைப் பயிற்சியால் தள்ளிப் பார்ப்பது வீண்.

அதன் பிறகு சைக்கிள், லெக் பிரஸ், ஒற்றைக்கால் குந்துதல், ஓட்டம் என்று சுமை ஏறியது. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அவர் பார்த்தது மறுநாள் காலை முட்டியில் வீக்கம் இருக்கிறதா என்பதை. இருந்தால் சுமை ஒரு படி இறங்கும், இல்லாவிட்டால் ஏறும். இவ்வளவு எளிய விதியைக் கைவிடாமல் பிடித்துக்கொள்வதற்குத்தான் அனுபவம் வேண்டும்.

ஆறாம் மாதச் சோதனையைப் பற்றிய பத்தியை நான் இரண்டு முறை படித்தேன். ஒற்றைக்காலில் தாண்டியபோது நல்ல கால் 160 சென்டிமீட்டர், அறுவை செய்த கால் 152. அது 95 சதவீதம். பொதுவாக 90ஐத் தொட்டால் போதும் என்பார்கள். இங்கேயே நிறுத்திவிட்டு, மைதானத்துக்குப் போகலாம் என்று சொல்லும் மையங்கள் உண்டு. இவர் முன்தொடையின் பலத்தைத் தனியாக அளந்தார். முட்டியை நீட்டி எடை தூக்கும் இயந்திரத்தில் நல்ல கால் 40 கிலோ, மற்றது 30. வெறும் 75 சதவீதம். தாண்டும்போது இடுப்பும் கணுக்காலும் முட்டியின் குறையை மறைத்துவிட்டன. பக்கவாட்டில் செல்போனில் எடுத்த காணொளியில், முட்டியை அதிகம் மடக்காமல் உடம்பை முன்னே சாய்த்து வீரர் இறங்குவது தெரிந்ததாம்.

அந்த 75ஐயும் அவர் அப்படியே நம்பவில்லை. அறுவைக்கு முன்பே நல்ல காலை அளந்து வைத்திருந்தார். அப்போது அது 44 கிலோ தூக்கியது. ஓய்வில் இருந்த மாதங்களில் நல்ல காலும் இளைத்துவிட்டது. 44ஐ வைத்துப் பார்த்தால் இடது கால் 68 சதவீதம்தான். இளைத்த காலோடு ஒப்பிட்டு இளைத்த கால் தேறிவிட்டது என்று சொல்லும் கணக்கு நம் தொழிலில் சகஜம். தன் கையில் இருக்கும் எண் எதைக் காட்டாது என்று தெரிந்தவரைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

வீரருக்கோ வலி போய் வெகு நாளாயிற்று. "சார், நோவே இல்ல. அடுத்த மாசம் டோர்னமென்ட்ல இறங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் மறுக்காமல், இரண்டு எண்களையும் தாளில் எழுதிக் காட்டியிருக்கிறார் இவர். விவசாயக் குடும்பத்துப் பையன் என்பதால், நட்ட நாற்று மேலே பச்சையாக நிற்கும்போதும் வேர் பிடித்திருக்காது, உள்ளே வைத்த தசைநாரும் அப்படித்தான் என்று விளக்கினாராம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முட்டி அடிபடும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

பிறகு, "வீட்ல அண்ணன் கேட்டா என்ன சொல்லுவீங்க தம்பி?" என்று கேட்டிருக்கிறார். "நோவு போனது வேற, காலு தயாராகுறது வேறன்னு சொல்லுவேன் சார்" என்று பதில் வந்திருக்கிறது. புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் எது போய்ச் சேர்ந்தது என்று தெரியும். பயிற்சியாளர் போனில் அழுத்தம் கொடுத்தபோதும், வீரரின் சம்மதம் கேட்டபிறகே விவரம் சொல்லியிருக்கிறார்.

பத்தாம் மாதம் இடது கால் 40 கிலோவைத் தொட்டது. பழைய 44இல் அது 91 சதவீதம். ஆனாலும் களத்துக்குத் திரும்பும் மனநிலையைக் கேட்கும் பன்னிரண்டு கேள்விகளில், பிடிபட்டு விழும் தருணத்தைப் பற்றிய பயம் தெரிந்தது. அதனால் முதலில் தொடாமல் ஆடுவது, பிறகு பாதி வேகத்தில் பிடிபடுவது, அதன் பிறகே முழு ஆட்டம் என்று அனுப்பியிருக்கிறார். முடிவில் எழுதியிருந்தார்: "இது ஒருவருடைய கதை. இதே அறுவைக்குப் பின் என்னிடம் வந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்களே கடைசிச் சோதனை வரை வந்தார்கள். மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது."

அந்தத் தொண்ணூற்றைந்து சதவீதக் கடிதங்களையெல்லாம் இந்தக் கடைசி வரி தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. இது பணிவுக்காக எழுதிய வரி அல்ல. வராமல் போனவர்களையும் எண்ணுகிறவர், அடுத்த வீரர் ஏன் வரவில்லை என்று போன் செய்து கேட்பார். அப்படிக் கேட்கும் ஓர் ஆள் இருந்தால் ஒரு மையத்தின் சிகிச்சையே மாறும்.

வேலைக்கு எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பட்டியலைச் சுருக்கி, ஒரே ஒரு நோயாளியின் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்த்து அடுத்த படிக்குப் போனீர்கள், எந்த எண் உங்களைத் தடுத்தது, அதை அவருக்கு எந்த வார்த்தையில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். நேர்காணலில் நானாக இருந்தால் நான்காவதாக ஒன்றும் கேட்பேன்: அந்த ஆளுக்கு இப்போது கால் எப்படி இருக்கிறது?